அந்த மூன்று நிமிடப் பேச்சை அசெம்பிளியில் பேச விடுங்கள்: செம்பூர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும் பெற்றோர் சங்கத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வெள்ளிக்கிழமை தமிழ் அசெம்பிளிக்காக ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தாள். ஒரு போட்டோவில் நாம் பார்த்ததாக நினைப்பதெல்லாம் உண்மையில் அதில் இருக்கிறதா என்பதுதான் தலைப்பு. "இந்த விஷயம் இப்போது வேண்டாம், வேறு தலைப்பு எடு" என்று தாள் திரும்பி வந்துவிட்டது. பள்ளியின் பெயரையோ யாருடைய பெயரையோ நான் இதில் எழுதவில்லை. படிக்க வேண்டியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பள்ளி விட்ட நேரத்தில் ஐந்து பிள்ளைகள் வாசலுக்கு எதிரே இருக்கும் ஜீப்ரா கிராஸிங்கில் சாலையைக் கடந்தார்கள். அதை ஒரு பெற்றோர் தன் போனில் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். படத்தில் ஐந்து பேரும் வரிசையாக இருக்கிறார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் ஒரு சிவப்பு பெஸ்ட் பஸ் நிற்கிறது. அல்லது வருகிறது. "ஓடுகிற பஸ்ஸுக்குக் குறுக்கே நம் பள்ளிப் பிள்ளைகள்" என்று கீழே ஒரு வரி. மறுநாள் ஐந்து பேருடைய டைரியிலும் குறிப்பு எழுதப்பட்டது, பெற்றோரை வரச் சொன்னார்கள், இரண்டு நாள் வகுப்பில் சேர்க்கவில்லை. அந்த ஐந்து பேரில் என் மகளும் ஒருத்தி.

எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுத்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். அவருக்கு உண்மையிலேயே பதறியிருக்கும். படத்தைப் பார்த்தபோது எனக்கும் வயிறு கலங்கியது, அதுவும் நான் இருபது வருடமாக செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கல்யாண போட்டோ எடுப்பவன். முதல் இரண்டு நிமிடம் ஒரு அப்பனாகத்தான் பார்த்தேன். அப்புறம்தான் தொழில் கண் விழித்தது. பிள்ளைகளின் தலையும் பஸ்ஸின் கண்ணாடியும் இருந்த அளவைப் பார்த்ததும், இதை எடுத்தவர் ரொம்பத் தள்ளி நின்று ஜூம் பண்ணியிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

இது எங்கள் தொழிலில் தினமும் புழங்குகிற சங்கதி. கல்யாண ஹாலில் அறுபது பேர்தான் வந்திருக்கிறார்கள், முன்னூறு நாற்காலி போட்டிருக்கிறார்கள், மாமனார் வீட்டுக்காரர்களுக்கு ஹால் நிறைந்தது போல ஒரு படம் வேண்டும் என்றால் என்ன செய்வோம்? வந்தவர்களை நெருக்கியெல்லாம் உட்கார வைக்க மாட்டோம். ஹாலின் கடைசிக்குப் போய், கேமராவை உட்கார்ந்திருப்பவர்களின் தலை மட்டத்துக்கு இறக்கி, நீள லென்ஸைப் போட்டு இழுத்து எடுப்போம். பத்து வரிசைக்கு நடுவில் கிடக்கிற காலி நாற்காலிகள் எல்லாம் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதே ஹாலை பால்கனியில் இருந்து எடுத்தால் காலி நாற்காலியை எண்ணிவிடலாம். இரண்டு படத்திலும் ஒரு புள்ளி கூட நான் திருத்தவில்லை, இரண்டும் நிஜப் படம்தான்.

ஜூம் லென்ஸ்தான் இப்படிச் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். லென்ஸ் செய்வதில்லை, நாம் நிற்கிற இடம்தான் செய்கிறது. சந்தேகம் இருந்தால் இன்றைக்கே பாருங்கள்: தூரத்தில் நின்று ஜூம் போட்டு ஒரு படம், அதே இடத்தில் ஜூம் இல்லாமல் ஒரு படம் எடுத்து, இரண்டாவது படத்தின் நடுப்பகுதியை விரலால் பெரிதாக்கினால் முதல் படம் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும், கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். நாம் தள்ளிப் போகப் போக, முன்னால் இருக்கிற பொருளுக்கும் பின்னால் இருக்கிற பொருளுக்கும் நம்மிடமிருந்து இருக்கும் தூரங்களின் விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே வருகிறது. அதனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருப்பது போலத் தெரிகின்றன. ஜூம் அதைப் பெரிதாக்கி நம் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறது, நாமும் பக்கத்தில் நின்று பார்ப்பதாக நம்பிவிடுகிறோம்.

சரி, இதை நான் வாயால் சொன்னால் மகளுக்காகப் பேசுகிறேன் என்பீர்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் அளந்து பார்த்தோம். குழுவில் வந்த படத்தை ஏ4 தாளில் பிரின்ட் போட்டோம். அதில் மகளின் உயரம் ஸ்கேலில் 6 சென்டிமீட்டர், பின்னால் இருக்கும் பஸ்ஸின் உயரம் 8 சென்டிமீட்டர். பள்ளி ஹெல்த் கார்டில் அவள் உயரம் 150 சென்டிமீட்டர். அந்த மாதிரி பஸ் தரையிலிருந்து கூரை வரை சுமார் 3 மீட்டர் இருக்கும், அதாவது அவளைப் போல இரண்டு மடங்கு. பஸ் அவள் பக்கத்திலேயே இருந்திருந்தால் தாளில் அது 12 சென்டிமீட்டர் உயரம் இருந்திருக்க வேண்டும். இருப்பது எட்டுதான். பன்னிரண்டை எட்டால் வகுத்தால் ஒன்றரை. அப்படியென்றால் கேமராவிலிருந்து பிள்ளைகள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்களோ, அதைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் பஸ் இருந்தது. இவ்வளவும் எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு, மேலே ஒன்றும் வேண்டாம்.

இதில் மீட்டர் எவ்வளவு என்று சொல்ல, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று தெரிய வேண்டும். அவரிடமே கேட்டோம். மருந்துக்கடை வாசலில் நின்றேன் என்று தயங்காமல் சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி. மருந்துக்கடையிலிருந்து ஜீப்ரா கோடு வரை நடைபாதையில் எட்டு வைத்து நடந்தேன், நூற்றேழு எட்டு. என்னுடைய ஒவ்வொரு எட்டும் முக்கால் மீட்டர், ஆக சுமார் 80 மீட்டர். அப்படியானால் பஸ் 120 மீட்டரில் இருந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் 40 மீட்டர். ஜீப்ராவிலிருந்து அதற்குப் பின்னால் இருக்கும் பஸ் ஸ்டாப் வரை நடந்து பார்த்தோம், ஐம்பத்து நான்கு எட்டு, அதுவும் 40 மீட்டர். ஒன்றிரண்டு எட்டு கூடக் குறைய இருக்கலாம், பஸ் உயரத்திலும் கொஞ்சம் ஏறி இறங்கலாம். ஆனால் கையை நீட்டித் தொடுகிற தூரம் நாற்பது மீட்டராக ஆகிற அளவுக்கு அந்தப் பிழை வராது.

அந்த 40 மீட்டர் சாலை படத்தில் எங்கே போனது? மகள் இதைத்தான் முதலில் கேட்டாள், நல்ல கேள்வி. அது படத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளின் பாதம் இருக்கிற கோட்டையும் பஸ்ஸின் சக்கரம் தரையைத் தொடுகிற கோட்டையும் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் தாளில் 2 சென்டிமீட்டர் இருக்கும். போனை முக உயரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் பிடித்து எடுத்ததால் நாற்பது மீட்டர் சாலை முழுவதும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் மடங்கிவிட்டது. அதிலும் பாதியை ஐந்து ஜோடிக் கால்கள் மறைக்கின்றன. அதே நொடியில் மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து, சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் எடுத்திருந்தால், பிள்ளை அதே 6 சென்டிமீட்டர் இருக்கிற பிரின்டில் அந்தச் சாலை 13 சென்டிமீட்டருக்கு விரிந்திருக்கும். பிள்ளைகளின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெறும் தார்ச்சாலை. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றை நான் மறைக்கக் கூடாது. இந்தக் கணக்கு என் மகளை நிரபராதி ஆக்கவில்லை. பஸ் நின்றதா ஓடியதா என்பதை அந்தப் படம் சொல்லாது, எங்கள் ஸ்கேலும் சொல்லாது. பகல் வெளிச்சத்தில் போன் கேமராவின் ஷட்டர் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற பஸ் கூட அதற்குள் இரண்டு சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும், அதுவும் கேமராவை நோக்கி. நிற்கிற பஸ்ஸும் ஓடுகிற பஸ்ஸும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த பஸ் மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்திருந்தால் நாற்பது மீட்டரைக் கடக்க அதற்கு ஐந்து நொடி போதும், அது பிள்ளைகளுக்கு ஆபத்தான இடைவெளிதான். ஸ்டாப்பில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தால் ஒரு ஆபத்தும் இல்லை. பாதசாரி சிக்னல் பச்சையில் இருந்தது, பஸ் ஸ்டாப்பில் நின்றது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சிக்னல் கம்பம் படத்தில் இல்லை, குழுவில் போடுவதற்கு முன் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். வெட்டாத படம் கிடைத்தால் சிக்னல் தெரியலாம், தெரியாமலும் போகலாம். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தாத்தா அன்றைக்கும் அங்கேதான் இருந்தார், அவரிடம் யாருமே கேட்கவில்லை. என் வருத்தம் முழுக்க இதில்தான். படத்தில் பதில் இருப்பதாக நினைத்ததால், பதில் தெரிந்த ஆளிடம் போக யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய ஊர்களிலும் இது நடந்திருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது, தெருவிலும் கடற்கரையிலும் மக்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற மாதிரி படங்கள் வந்தன, பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். அந்த ஏப்ரலில் டென்மார்க்கின் ரிட்சௌ ஸ்கான்பிக்ஸ் என்ற பட நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு போட்டோகிராபர்கள் கோபன்ஹேகனில் ஒரே இடத்தை, ஒரே மக்களை, நீள லென்ஸிலும் அகல லென்ஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் நெரிசல், மற்றதில் ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி. இதை மகளிடம் காட்டியபோதுதான் அவளுக்குப் பேச்சு எழுதும் எண்ணம் வந்தது.

அவள் எழுதியது இதுதான். சாலை, பஸ், தண்டனை எதுவும் இதில் இல்லை என்பதை நீங்களே பார்க்கலாம்.

"அனைவருக்கும் காலை வணக்கம். இன்றைக்கு நான் மூன்று படம் காட்டப் போகிறேன். மூன்றும் நம் பள்ளி மைதானத்தில், என் தோழிகள் இரண்டு பேரை வைத்து எடுத்தவை. இரண்டு பேரும் ஒரே உயரம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு நடுவில் எத்தனை மீட்டர் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டாவது படத்தைப் பாருங்கள், அதற்கும் ஒரு எண்.

முதல் படத்தில் பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளில் பாதி உயரம்தான் இருக்கிறாள். நிறையப் பேர் ஐந்து மீட்டர், ஆறு மீட்டர் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டாவது படத்தில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒருத்தி மற்றவள் முதுகில் சாய்ந்து நிற்பது மாதிரி இருக்கிறது. ஆனால் அவர்கள் நகரவே இல்லை. இரண்டு படத்திலும் நடுவில் இரண்டு மீட்டர்தான், சாக்பீஸில் கோடு போட்டு நிற்க வைத்தோம். நகர்ந்தது நான்.

முதல் படத்தை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். முன்னால் இருப்பவள் என்னிடமிருந்து இரண்டு மீட்டர், பின்னால் இருப்பவள் நான்கு மீட்டர். இரண்டு மடங்கு தூரம், அதனால் பாதி உயரம். இரண்டாவது படத்தை இருபது மீட்டர் தள்ளிப் போய் ஜூம் போட்டு எடுத்தேன். இப்போது முன்னால் இருப்பவள் இருபது மீட்டர், பின்னால் இருப்பவள் இருபத்திரண்டு மீட்டர். இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் உயரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாவது படத்தை முதல் மாடி வராண்டாவிலிருந்து எடுத்தேன். இதில் சாக்பீஸ் கோடு தெரிகிறது, நடுவில் இருக்கிற மண் தெரிகிறது. அதனால் ஒரு படத்தைப் பார்த்தால் நான் இப்போது முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் காலையும் தரையையும் பார்ப்பேன். தரை தெரியவில்லை என்றால், யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேட்பேன்.

இந்த மூன்று படத்திலும் நான் இல்லை. ஆனால் நான் எங்கே நின்றேன் என்பது மட்டும் படம் முழுவதும் இருக்கிறது. நன்றி."

கடைசி இரண்டு வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதை நான் படித்தது தாள் உங்களிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான்.

இப்போது நான் கேட்பது. அம்மா, இந்தப் பேச்சை இப்படியே, ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல் வரும் வெள்ளிக்கிழமை பேச அனுமதியுங்கள். மூன்று படமும் ஏ3 அளவில் பிரின்ட் போட்டிருக்கிறேன், கடைசி வரிசைக்கும் தெரியும். மேடையில் செய்து காட்டச் சொன்னால் அதற்கும் தயார், ஒரு அளவு டேப்பும் ஒரு போனும் போதும்.

பெற்றோர் சங்கத்துக்கு: பிள்ளைகளைப் பற்றிய ஒரு படம் குழுவில் வந்தால், அதை வைத்துப் பள்ளி முடிவெடுப்பதற்கு முன் எடுத்தவரிடம் வெட்டாத ஒரிஜினல் ஃபைலை வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் எந்த லென்ஸ், எத்தனை மணி என்ற விவரமெல்லாம் கழன்றுவிடும். டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொன்னால் அவை அப்படியே வரும். ஆனால் அந்த விவரத்திலும் எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தார் என்பது பெரும்பாலும் நேராக எழுதியிருக்காது, லென்ஸின் குவிய நீளம்தான் இருக்கும். அதனால் அவர் நின்ற இடத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய் நீங்களும் ஒரு தடவை நின்று பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

டைரிக் குறிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பிள்ளைகளின் டைரியிலும் "ஓடும் பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடந்தனர்" என்று எழுதியிருக்கிறது. வாட்ச்மேன் தாத்தாவிடமும் அந்த ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, சிக்னல் சிவப்பு என்று தெரிந்தால் குறிப்பு அப்படியே இருக்கட்டும், நானே என் மகளிடம் பேசிக்கொள்கிறேன். அப்படித் தெரியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் வகுப்பைத் திருப்பித் தர முடியாது, அதை நான் கேட்கவில்லை.

மருந்துக்கடை வாசலில் நடைபாதையில் நாங்கள் போட்ட சாக்பீஸ் கோடு முதல் மழையில் போய்விட்டது. நீங்கள் எப்போது வருவதாகச் சொன்னாலும் வந்து மறுபடி போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
செம்பூர், மும்பை